வெயில் காலத்தில் டெஃப் கேனைப் பதுக்காதே!

லாரி ஓடுற வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் இது. பிஎஸ்-6 வண்டிக்கு யூரியா கரைசல், அதான் டெஃப், ஊத்தியே ஆகணும். அதை எவ்வளவு வாங்குறது, எங்கே வைக்கிறதுங்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறீங்க.

1. முதல்ல கணக்குப் போடு. கனரக வண்டிக்கு, டீசல் செலவுல நூற்றுக்கு மூணுலேருந்து அஞ்சு பங்கு டெஃப் போகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தர்ற லாரி 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் குடிக்கும். அஞ்சு பங்குன்னே வெச்சாலும் பன்னிரண்டரை லிட்டர் டெஃப். ஒரு 20 லிட்டர் கேன் 1,600 கிலோமீட்டர் வரும். டிரைவர் தம்பியை டீசல் நோட்டுலேயே இதையும் எழுதச் சொல்லு. திடீர்னு செலவு பாதியானா மிச்சம்னு சந்தோஷப்படாதே. நாசில்ல உப்பு மாதிரி படிஞ்சு அடைச்சிருக்கலாம்.

2. மலிவா கிடைக்குதுன்னு இருபது கேன் வாங்கித் தகரக் கொட்டகையில அடுக்காதே, கண்ணு. 25 டிகிரிக்குள்ள இருந்தா 18 மாசம் தாங்குற சரக்கு, 30 டிகிரியில ஒரு வருஷம், 35-ல ஆறே மாசம். சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில 40-ஐத் தாண்டிடும், அதுக்குமேல எந்தக் கணக்கும் செல்லாது. சூட்டுல யூரியா சிதைஞ்சு அம்மோனியாவாகும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைச்சா அந்தக் கேன் வேண்டாம். கோடையில ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கு. காத்தோட்டமான அறையில, நிழல்ல, மூடி இறுக்கி வை. வாங்கும்போதே தயாரிச்ச தேதியைப் பாரு. கடைக்காரர் வெயில்ல அடுக்கி வெச்சிருந்தா திரும்பி வந்துடு.

3. வயல் யூரியாவை வீட்டுல கரைக்கிற வேலையே வேண்டாம். அதுல வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கு, குழாய்த் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. ரெண்டும் சைலன்சர் பக்கத்து வினையூக்கியைக் கெடுக்கும், கழுவிச் சரிபண்ண முடியாது. டெஃப் ரிஃப்ராக்டோமீட்டர் வெச்சிருந்தா 32.5 காட்டணும், 31.8-லேருந்து 33.2 வரைக்கும் சரி. ஆனா அந்த மீட்டர் அடர்த்தியை மட்டும்தான் சொல்லும். வயல் யூரியாவை அளவாக் கரைச்சவனும் அதுல பாஸாயிடுவான். அதனால ஐஎஸ்ஓ 22241-னு அச்சடிச்ச, சீல் உடையாத கேனா கேட்டு வாங்கு.

4. டீசல் புனலை இதுக்குத் தொடாதே. பித்தளைக் குழாய், ஜிஐ வாளியும் ஆகாது, உலோகம் கரைஞ்சு கலந்துடும். தனியா ஒரு பிளாஸ்டிக் புனல் வை.

5. டெஃப்பை டீசல் டேங்க்ல ஊத்திட்டாங்களா? சாவியையே போடக் கூடாது. ஓட்டினா பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிடும். வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போய் டேங்கைக் காலிபண்ணச் சொல்லு.