ஒரு பக்கத்தில் ஒருவர்

நுழையும்முன்
வணிகப் பள்ளிகளில் முதுகலை மேலாண்மை பயில விண்ணப்பிப்போர் தம் பணி அனுபவத்தை ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பில் தருவது வழக்கம். அப்பக்கத்தில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரில் பின்னலாடை ஆலையொன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றும் பொறியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தம் குறிப்பில் முதலில் இவ்வாறு எழுதினார்: ‘தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பை வகித்து வருகிறேன்.’ இத்தொடர் பதவியைச் சொல்கிறது. அவரால் நிகழ்ந்த மாற்றத்தைச் சொல்லவில்லை. அப்பதவியில் எவர் இருந்தாலும் இதே தொடரை எழுதலாம்.

அவர் உண்மையில் செய்தது யாது? மழுங்கிய ஊசிகளால் துணியில் துளை விழுவதைக் கண்டறிந்தார். ஊசிகளைக் குறித்த கால இடைவெளியில் மாற்றும் முறையை வகுத்தார். ஆகவே தொடரைத் திருத்தினார்: ‘ஊசி மாற்றும் கால அட்டவணையை வகுத்து, ஆறு மாதங்களில் துளை விழுந்த ஆடைகளை நூற்றுக்கு 8 என்பதிலிருந்து 5 ஆகக் குறைத்தேன்.’ செயல், அளவு, காலம் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் அமைந்தன.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. அந்த ஆறு மாதங்களில் ஆலை தடித்த துணிக்கு மாறியிருந்தால், குறைவுக்குத் துணியும் காரணமாகலாம். நேர்காணலில், ‘இந்த எண்ணை எவ்வாறு கணக்கிட்டீர்கள்?’ என வினவுவர். எனவே அவர் ஒரே வகைத் துணியின் பதிவேட்டு எண்களை மட்டுமே ஒப்பிட்டார். விடைகூற இயலாத எண்ணை எழுதாமல் விடுவதே நன்று.

தலைமைப் பண்புக்குப் பதவிப்பெயர் சான்றாகாது. தையலர்கள் துண்டுக் கணக்கில் ஊதியம் பெறுவோர். ஊசி மாற்ற எந்திரத்தை நிறுத்தினால் வருவாய் குறையும் என அஞ்சினர். அவர் மேற்பார்வையாளர்களுடன் பேசி, அம்மாற்றத்தை உணவு இடைவேளையில் நிகழச் செய்தார். ‘தமக்குக் கீழ்ப்படியாத 12 தையலர்களையும் 2 மேற்பார்வையாளர்களையும் இசையச் செய்தேன்’ என எழுத எண்ணினார். ‘கீழ்ப்படியாத’ என்பது பிறரைக் குறைகூறுவதாகும். ஆதலால் ‘என் நேரடிப் பொறுப்பில் இல்லாத’ என மாற்றினார்.

பணி இலக்கைத் ‘திறன்மிக்க மேலாளராதல்’ எனப் பொதுவாக எழுதுவதால் பயனில்லை. அவர், ‘ஆடை ஏற்றுமதி ஆலைகளில் உற்பத்தி மேலாண்மை’ என ஒரே வரியில் எழுதினார். அவ்வரியே பக்கத்தின் அளவுகோலாயிற்று. இலக்கோடு தொடர்புடைய பணி மேலே நின்றது. பள்ளிக்காலப் பேச்சுப்போட்டிப் பரிசு நீங்கியது. எழுத்தின் அளவைச் சிறிதாக்கி அனைத்தையும் திணிக்காமல், சிலவற்றை நீக்கியே அவர் ஒரு பக்கத்தை அடைந்தார்.

கற்பவை கற்றபின்
1. ‘பள்ளி நூலகப் பொறுப்பாளராக இருந்தேன்’ என்னும் தொடரைச் செயல், அளவு, காலம் விளங்குமாறு மாற்றி எழுதுக.
2. நீங்கள் குறிப்பிட்ட எண்ணை எவ்வாறு மெய்ப்பிப்பீர்கள் என வகுப்பில் விளக்குக.