வரைபடத்தில் குற்றாலம்

வடகரை மாணவியராகிய நாங்கள் புவியியல் வகுப்பில் தென்காசிப் பகுதியின் நில அளவை வரைபடத்தை விரித்தோம். அதன் அளவை 1 : 50,000. தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அளவுகோல் வைத்தோம். ஏறத்தாழ 10 செ.மீ. ஆக, 5 கி.மீ. ஆனால் இது நேர்கோட்டுத் தூரமே. சாலையோ வளைந்து செல்கிறது. ஆகவே சாலைக் கோட்டின் மேல் நனைத்த நூலைப் படியவைத்து, பின் அதை நீட்டி அளந்தோம். சற்றுக் கூடுதலாகவே வந்தது.

பின்பு இரு மடங்கு பெரிதாக்கிய நகலில் அளந்த தோழிக்கு 10 கி.மீ. கிடைத்தது! தாள் பெரிதானாலும் அதில் அச்சிட்ட விகிதம் 1 : 50,000 என்றே இருந்ததுதான் காரணம். ஓரத்திலிருந்த நேர்கோட்டளவை படத்தோடு சேர்ந்து நீண்டிருந்தது. அதில் ஒப்பிட்டதும் மீண்டும் 5 கி.மீ.