போன் போதுமா, கணினி வேண்டுமா?

கேள்வி: பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி விளம்பரத்தைப் போனிலேயே இலவச ஆப்பில் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் நன்றாக இருக்கிறது. ஆனால், பிளெக்ஸ் அடித்தால் எழுத்தெல்லாம் மங்கலாகிவிடுகிறது. கணினி மென்பொருளுக்கு மாற வேண்டுமா?

பதில்: வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்றால் மாற வேண்டாம். கோளாறு அளவில்தான் இருக்கிறது. போன் ஆப்களில் சதுரப் படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலத்தில் வரும். அதை 6 அடி, அதாவது 72 அங்குல பிளெக்ஸாக இழுத்தால், ஓர் அங்குலத்துக்கு 15 பிக்சல்தான் கிடைக்கும். நிழலும் ஓரக்கோடும் போட்ட அலங்கார எழுத்தில் அந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

பெரிய அச்சுக்குக் கணினியில் இங்க்ஸ்கேப் பயன்படுத்துங்கள், அதுவும் இலவசம்தான். அதில் எழுத்தும் வடிவங்களும் பிக்சலாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. லட்டுப் புகைப்படத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதைப் போன் கேமராவின் முழு அளவிலேயே சேருங்கள்.

வேலை முடிந்ததும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, Path மெனுவில் Object to Path கொடுத்த பிறகே பிடிஎப் ஆக்குங்கள். அச்சகத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாது. அதன்பின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், விலை மாற்ற வசதியாக மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, போட்டோவாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.