பள்ளியிலிருந்து எஸ்.எம்.எஸ்.: உங்கள் எண் சரியாக உள்ளதா?

"மாணவர் பள்ளிக்கு வராத நாளில் பெற்றோரின் செல்போனுக்குத் தானாகவே எஸ்.எம்.எஸ். அனுப்பப்படும். செல்போன் எண் மாறியிருந்தால் உடனே தெரிவிக்கவும்." இப்படி ஒரு சுற்றறிக்கை உங்கள் பிள்ளையின் பையிலும் வந்திருக்கலாம். பள்ளிகளுக்கான சாப்ட்வேர் எழுதுவது என் வேலை என்பதால், இதன் பின்னால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று இங்கே சொல்கிறேன். அது புரிந்தால், இரண்டாவது வரி ஏன் முதல் வரியைவிட முக்கியம் என்பதும் புரியும்.

காலையில் ஆசிரியர் வருகையைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார். வராதவர்களை மட்டும் சாப்ட்வேர் தனியே எடுத்து, ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே உள்ள செல்போன் எண்ணை டேட்டாபேஸில் தேடுகிறது. பின், முன்பே பதிவு செய்து அனுமதி பெற்ற ஒரு வாசகத்தில் பெயர், வகுப்பு, தேதி ஆகியவற்றை நிரப்புகிறது. அந்த வாசகம் இப்படி இருக்கும்:

```
Dear Parent, ____ of class ____ is absent on ____.
```

`____` என்று உள்ள இடங்கள் மட்டுமே மாறும். நிரப்பிய செய்தி செல்போன் நிறுவனத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து உங்களுக்கு வருகிறது.

வந்த பிள்ளைகளின் வீட்டுக்குச் செய்தி போகாது என்பதைக் கவனியுங்கள். ஆகவே, செய்தி வராவிட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறோம். எண் சரியாக இருந்தால்தான் அந்த நினைப்பு சரி.

ஏழாம் வகுப்பு கவிதாவின் தந்தை, சென்ற ஆண்டு எண்ணை மாற்றிவிட்டார், பள்ளியில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். கவிதா ஒரு நாள் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த எண் யாரிடமும் இல்லை என்றால், பள்ளியின் அறிக்கையில் `Failed` என்று வரும். அலுவலகத்தில் அதைப் பார்ப்பவர் எண் தவறு என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதைவிட மோசமானது வேறொன்று. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால், செய்தி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். பள்ளியின் அறிக்கையிலோ `Delivered` என்றுதான் இருக்கும்! தந்தைக்குத் தெரிவித்துவிட்டோம் என்று பள்ளி நினைக்கும். மகள் வகுப்பில் இருக்கிறாள் என்று தந்தை நினைப்பார். இந்தத் தவறைக் கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியாது. உங்களால்தான் முடியும்.

எண்ணை மாற்றும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. வந்த செய்திக்கே பதில் அனுப்பி எண்ணை மாற்ற முடியாது. அதை அனுப்புவது செல்போன் எண் அல்ல, பள்ளிக்காகப் பதிவு செய்த எழுத்துகள். பள்ளி அலுவலகத்தில் படிவமாகவோ கடிதமாகவோ கொடுங்கள். பெயருடன் சேர்க்கை எண்ணையும் எழுதுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருக்கலாம்.

2. எண்ணை 10 இலக்கங்களாக மட்டும் எழுதுங்கள். தந்தை எண், தாய் எண் இரண்டையும் ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு எழுதாதீர்கள். அப்படியே டைப் செய்தால், 10 இலக்கத்தை எதிர்பார்க்கும் சாப்ட்வேர் அதை ஏற்காது. எந்த எண்ணுக்குச் செய்தி வர வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

3. இரண்டு பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால், இருவருக்கும் தனித்தனியே கொடுங்கள். பல சாப்ட்வேர்களில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பதிவு. அக்காவின் பதிவில் மாற்றினால் தம்பியின் பதிவில் மாறாது.

4. அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை.

5. கடைசியாக, "ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள்" என்று அலுவலகத்தில் கேளுங்கள். அது உங்கள் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்தது.

சோதனைச் செய்தி வந்ததும், அனுப்புநர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது `XX-ABCDEF-S` போன்ற அமைப்பில் இருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் செல்போன் நிறுவனத்தையும் வட்டத்தையும் காட்டுவதால் அவை மாறலாம். பள்ளிக்கு உரியது நடுவில் உள்ள பகுதி. கடைசி எழுத்து 2025 முதல் சேர்க்கப்படுகிறது. விளம்பரம் என்றால் அங்கே `P` இருக்கும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து பள்ளியின் பெயரில் செய்தி வந்து, லிங்க்கை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். வருகைச் செய்திக்கு லிங்க் தேவையே இல்லை.

இன்னொன்று. செல்போன் அணைந்திருந்தால் அல்லது சிக்னல் இல்லாவிட்டால், செய்தி செல்போன் நிறுவனத்திலேயே காத்திருந்து பிறகுதான் வரும். மதியம் செல்போனை ஆன் செய்தவுடன் காலைச் செய்தி வருவது இதனால்தான். பிள்ளை பற்றிச் சந்தேகம் வந்தால் செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கு நேரடியாகப் போன் செய்துவிடுங்கள்.