கடைத்தெருவில் முதல் கடை: வாடகை பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை டவுன்ஹால் ரோடு, கோவை ஒப்பணக்காரத் தெரு, திருச்சி சின்னக்கடைத் தெரு போன்ற இடங்களில் மாத வாடகையைக் குறைப்பது கடினம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிடுவார், அது உரிமையாளருக்கும் தெரியும். ஆனால் அட்வான்ஸ், ஆண்டு உயர்வு, கால அளவு, வாடகை தொடங்கும் தேதி ஆகியவற்றில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருப்பதில்லை. உங்கள் பணம் அதிகமாகக் கரைவதும் இவற்றில்தான். எனவே பேச்சுவார்த்தையை அங்கே கொண்டுபோவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: கடை யாருடையது என்று பாருங்கள்

வாடகை பேச உட்காருவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கட்டடம் அடமானத்தில் இருந்து தவணை நின்றுபோனால் வங்கி கையகப்படுத்த வரலாம். அப்போது பதிவு செய்யாத ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது. அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக இருக்கும் சொத்தென்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கடைத்தெருக்களில் பாதிச் சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பழைய கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இடம் கோயிலுடையதா? கோயிலிடம் வாடகைக்கு எடுத்தவர் அனுமதியில்லாமல் உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டால், அறநிலையத்துறை நடவடிக்கை எடுக்கும் நாளில் அட்வான்ஸும் போகும், கடையும் போகும். இப்படிப்பட்டவர்கள் ‘பகடி’ என்று பெருந்தொகை கேட்பதும் உண்டு. அதற்கு ரசீதும் கிடையாது, திரும்பவும் வராது.

கரண்ட் அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால், கடை நடத்தும் நீங்கள்தான் மாட்டுவீர்கள். வணிக இணைப்பாக மாற்றித் தருவது உரிமையாளர் பொறுப்பு என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: தெருவின் உண்மையான வாடகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

புரோக்கர் சொல்லும் விலை பெரும்பாலும் கடைசியாகக் கேட்கப்பட்ட விலை. முடிந்த விலை அல்ல. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். காலியான கடையில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதை எதிர்க்கடைக்காரர் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அளவை நீங்களே டேப் பிடித்து எடுங்கள், சுவருக்குள் இருக்கும் தரை மட்டுமே கணக்கு. கடைத்தெருவில் ஆழத்தைவிட முகப்பு முக்கியம். 12 அடி முகப்பும் 15 அடி ஆழமும் உள்ள கடையும், 6 அடி முகப்பும் 30 அடி ஆழமும் உள்ள கடையும் ஒரே 180 சதுர அடிதான், வியாபாரம் ஒன்றல்ல.

படி 3: ஐந்து வருடக் கணக்கைப் போடுங்கள்

அந்த 12-க்கு 15 கடைக்கு உரிமையாளர் மாதம் 30,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு, 11 மாத ஒப்பந்தம். இப்படியே ஓடினால் ஐந்தாவது வருடம் வாடகை மாதம் 43,923 ஆகிவிடும். ஐந்து வருட மொத்தம் சுமார் 21 லட்சத்து 98 ஆயிரம்.

புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? முழு பலத்தையும் செலவழித்து 30,000-ஐ 28,000 ஆக்குகிறார்கள். உயர்வைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கு ஐந்து வருட மொத்தம் சுமார் 20 லட்சத்து 51 ஆயிரம் வரும். அதற்குப் பதிலாக 30,000-க்கு ஒப்புக்கொண்டு, உயர்வை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் என்று மாற்றினால், மொத்தம் சுமார் 19 லட்சத்து 48 ஆயிரம்தான். மாத வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் இரண்டரை லட்சம் மிச்சம். உரிமையாளருக்கும் ‘என் கடை வாடகை முப்பதாயிரம்’ என்று தெருவில் சொல்லிக்கொள்ள முடியும். அந்தக் கௌரவத்தைத் தொடாமல் பேசுவது நல்லது.

அட்வான்ஸும் மறைமுக வாடகைதான். 3 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. ஆறு மாதமாகக் குறைத்தால் அதில் 1,200 மிச்சமாகும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ‘வேறு ஒப்பந்தம் இல்லையென்றால்’ என்ற சொற்கள் இருப்பதால்தான் பத்து மாதம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பேரத்தை மூன்றிலிருந்து தொடங்க அந்தச் சட்டம் உதவும், அவ்வளவே.

ஜிஎஸ்டியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கடை வாடகைக்கு 18 சதவீதம். உரிமையாளர் பதிவு செய்தவரென்றால் 30,000-க்கு மேல் 5,400 கேட்பார். அவர் பதிவு செய்யாமல் நீங்கள் மட்டும் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சாதாரணப் பதிவில் இருப்பவர் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: காலத்தைப் பேசுங்கள்

11 மாத ஒப்பந்தம் உரிமையாளருக்கு வசதி. ஷட்டர், ரேக், விளக்கு, போர்டு என்று நான்கு லட்சம் கொட்டிய உங்களுக்கு அது ஆபத்து. கடை சூடுபிடித்த பன்னிரண்டாவது மாதம் ‘பையன் கடை வைக்கப்போறான்’ என்ற வார்த்தை வரும். ஐந்து வருடம் கேளுங்கள். அந்த ஐந்து வருடம் கட்டுப்படுத்துவது அவரை மட்டும் என்று இருக்கட்டும்: வாடகை ஒழுங்காக வரும்வரை அவர் காலி செய்யச் சொல்லக்கூடாது, நீங்களோ மூன்று மாத நோட்டீசில் போகலாம். முழுதாக ஒப்பமாட்டார். முதல் வருடம் மட்டும் நீங்களும் போகமாட்டேன் என்று உறுதி தந்தால் பெரும்பாலும் படியும்.

வாடகை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதிலும் பணம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புதுக்கடை திறக்க ஆள் வரமாட்டார்கள் என்பது உரிமையாளருக்குத் தெரியும். அந்த மாதங்களில் பேசுங்கள்:

“அண்ணாச்சி, வாடகையைக் குறைங்கன்னு நான் கேக்கல. இப்பவே அட்வான்ஸ் தாறேன், வேலையை ஆரம்பிக்கிறேன். ஆவணி ஒண்ணாம் தேதியிலேர்ந்து வாடகை போட்டுக்குங்க.”

எப்படியும் காலியாகக் கிடக்கப்போகும் மாதம் என்பதால் பலர் இதற்கு இறங்கி வருவார்கள்.

படி 5: தாளில் ஏற்றுங்கள்

வாய்ப்பேச்சில் முடிந்தது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். குறிப்பாக, அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தருவார், எதற்காகக் கழிக்கலாம். போர்டு வைக்கும் இடம் யாருடையது. கடை முன்னால் நடைபாதையில் வேறு ஆளுக்கு இடம் விடமாட்டேன் என்ற உறுதி. கட்டடம் விற்றாலும் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவார் என்ற வரி. முகப்பை மறைத்து ஒரு தள்ளுவண்டி நின்றால் 12 அடி முகப்புக்குக் கொடுத்த பணம் வீண். அந்த வண்டிக்காரரிடம் தினக் காசு வாங்குபவர் சில இடங்களில் உங்கள் உரிமையாளராகவே இருப்பார்.

ஐந்து வருட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். முத்திரைத்தீர்வையை யார் கட்டுவது என்பதும் பேரப் பொருள்தான். பாதிப் பாதி நியாயம். அது தவிர, 2017 சட்டப்படி நகர்ப்புறத் தனியார் கட்டட வாடகை ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் செய்யலாம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் நிறைய.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். பாதியை ரொக்கமாகக் கேட்டால், ஒப்பந்தத்தில் முழுத் தொகையும் எழுதப்படாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். சாவி வாங்கும் அன்று மீட்டர் அளவைப் போட்டோ எடுத்து, சுவர் விரிசல், தரை, ஷட்டர் எல்லாவற்றையும் படம் பிடித்து, உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.