மணிக்கணக்கா, தலைக்காரியமா?
கல்முனைக் கரைக்கு ஒரு பயணத் திட்டம்



விடுமுறை வந்தால் வீட்டில் ஒருவர் கொப்பித்தாளும் பேனையும் எடுத்துப் பயணத் திட்டம் எழுதத் தொடங்குவார். இத்தனை மணிக்குப் புறப்பாடு, இத்தனை மணிக்கு இந்த ஊர், இத்தனை மணிக்குச் சாப்பாடு என்று தாள் நிறைந்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை குறிப்பது ஒரு முறை. ஒரு நாளுக்கு ஒரேயொரு தலைக்காரியத்தைக் குறித்து, மற்றவற்றை அதைச் சுற்றி வைப்பது இன்னொரு முறை. இவ்விரண்டையும் கல்முனைக் கரையை வைத்து இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் பெரிய தெருவில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. கல்முனைவரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். படத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதால், ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற ஆசை எழுகிறது.

மட்டக்களப்பில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்: தாய், தகப்பன், இரு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தகப்பன் இப்படி எழுதுகிறார்: 7.00 புறப்பாடு, 8.15 மருதமுனைத் தறிகள், 9.15 கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல், 10.00 காரைதீவு, 11.00 ஒலுவில் கடற்கரை, 12.30 அக்கரைப்பற்றில் சாப்பாடு, 2.00 திருக்கோவில், 4.30 பொத்துவில்.

இனி அந்த நாளை நடத்திப் பார்ப்போம். பஸ் 20 நிமிடம் பிந்துகிறது. மருதமுனையில் தாய் ஒரு சேலை தெரிவு செய்ய, இன்னும் 30 நிமிடம் போகிறது. யாரும் பிழை செய்யவில்லை. ஆனாலும் அந்த 50 நிமிடமும் அடுத்தடுத்த எல்லா வரிகள்மேலும் ஏறுகிறது. இடையில் வெற்று நேரம் இல்லாததால் அது எங்கும் கரைவதில்லை. தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்து, "கெதியா வாங்கோ" என்கிறார். பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது. கடைசி வரியான பொத்துவில் வெட்டப்படுகிறது. பிள்ளைகள் ஆவலோடு காத்திருந்தது அந்தப் பொத்துவில் கடலுக்குத்தான். மணிக்கணக்குத் திட்டம் பிந்தும்போது முக்கியமற்றதை விடுவதில்லை. கடைசியில் இருப்பதையே விடுகிறது. இது முதலாவது குறை.

இரண்டாவது குறை தாமதத்தால் வருவதன்று, தாளிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் ஊர்களில் ஜும்மாத் தொழுகை நேரம். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அக்கரைப்பற்றில் 12.30 என்று எழுதிய கை அதை எண்ணவில்லை. அவ்வாறே இரண்டு மணிக்குத் திருக்கோவிலுக்குப் போனால், மத்தியானப் பூசை முடிந்து கோவில் நடை சாத்தியிருக்கக்கூடும். எழுதியவர் தம் மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். ஊரின் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இதே குடும்பம் மற்ற முறையில் எழுதினால் எப்படியிருக்கும்? முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எதைப் பார்க்காமல் திரும்பினால் இந்தப் பயணம் வந்ததே வீண் என்று தோன்றும்?" தாய்க்கு மருதமுனைத் தறி, தகப்பனுக்குக் காரைதீவு. ஆகவே இரண்டு நாள், இரண்டு தலைக்காரியம். தங்குவது கல்முனையில் உறவினர் வீட்டில்.

எந்த நாளுக்கு எது? வெள்ளிக்கிழமை காரைதீவுக்கு ஏற்றது. அது முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே இருக்கும் தமிழ் ஊர். ஜும்மா நேரத்தில் அங்கே அலுவல்கள் நின்றுவிடுவதில்லை. 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் அது. நம் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர் அவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்ட அரை மணி போதாது. தறிக்குச் சனிக்கிழமை. வெள்ளியில் தறிகள் ஓய்ந்திருக்கலாம். சனியிலும் ஓடுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தலைக்காரியம் ஒன்றே என்பதால், அது பூட்டியிருந்தால் நாள் முழுவதும் கவிழும். இந்த முறையின் பெரிய ஆபத்து இதுவே.

சனிக்கிழமைக்கான தாளில் மூன்று வரிகள் போதும்.

தலைக்காரியம்: மருதமுனைத் தறி. பிந்தினாலும் 9.30க்குள் அங்கே நிற்க வேண்டும்.

மாற்ற முடியாத நேரம்: ஒரு மணிக்கு உறவினர் வீட்டில் சாப்பாடு, நமக்காக உலை வைத்திருப்பார்கள்.

இயன்றால்: கடற்கரைப் பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தல், மாலையில் கல்முனைக் கடற்கரை.

முதல் வரியில் "9.30க்குள்" என்று எழுதியதைக் கவனியுங்கள். ஒரு காரியந்தானே என்று எண்ணினால் வீட்டிலேயே பத்து மணியாகிவிடும். ஆகையால் தலைக்காரியத்திற்குப் போய்ச் சேர வேண்டிய நேரத்தைக் குறியுங்கள்; முடியும் நேரத்தைக் குறிக்க வேண்டாம். மூன்றாம் வரியில் உள்ளவை விடப்பட்டாலும் மனம் நோகக் கூடாது. மனம் நோகுமென்றால், நீங்கள் இரண்டாவது தலைக்காரியம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முடியும் நேரம் குறிக்காததற்குக் காரணம் உண்டு. நெசவாளர் பாவு ஓட்டுவதையும் நாடா குறுக்கே ஓடுவதையும் காட்டி முடித்தபின், தேநீர் கொடுத்து உட்காரச் சொல்லலாம். 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அந்தக் கரையில் யாரை இழந்தோம் என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் பேசும்போது, "9.15க்கு வேறிடம்" என்று எழுந்து போக நமக்கு மனம் வருமா? தாளில் எழுதியிருந்தால் எழுந்து போவோம்.

அப்படியானால் மணிக்கணக்கு வேண்டவே வேண்டாமா? வேண்டும், நமக்காகக் காத்திராதவற்றுக்கு வேண்டும். புகையிரதம், கடைசி பஸ், ஞாயிறு திருப்பலி ஆகியவை நமக்காக நிற்பதில்லை. ஞாயிறன்று கல்முனையில் பூசை கண்டு வீடு திரும்புவதென்றால், பூசை நேரத்தைக் கேட்டு, புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதத்தான் வேண்டும். ஐம்பது பேர் வாடகை பஸ்ஸில் போகும்போதும் ஏறும் நேரம், உண்ணும் நேரம் இரண்டையும் எல்லாருக்கும் அறிவித்தே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருகிறது. சென்ற பயணத்தின் தாளை அப்படியே பார்த்து எழுதினால், பகலில் சாப்பாட்டுக் கடை திறவாத நாளில் போய் நிற்பீர்கள்.

இந்த முறையில் இழப்பும் உண்டு. ஒலுவிலும் திருக்கோவிலும் பொத்துவிலும் இந்தப் பயணத்தில் இல்லை. பிள்ளைகளின் கடல் ஆசைக்குக் கல்முனைக் கரையே கிடைக்கும். பொத்துவில்தான் பெரிதென்றால் அதையே ஒரு நாளின் தலைக்காரியமாக்கி, வேறொன்றை விட வேண்டும். எதை விடுவது என்பதை வீட்டிலேயே எல்லாரும் கூடியிருந்து தீர்மானிப்பது நல்லது. இல்லாவிட்டால் தெருவில் வைத்துத் தாமதம் அதைத் தீர்மானித்துவிடும்.

திட்டம் எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் ஒரு மணி நேரம் பிந்திவிட்டது என்று வைத்து, எந்த வரி விழுகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். விழுவது மூன்றாம் வரியாயின் புறப்படலாம். முதல் வரியாயின் தாளைத் திருப்பி மீண்டும் எழுதுங்கள்.