சரத்தில் வரும் மாத்திரையைப் படிக்கும் விதம்

எங்கள் அம்மையார்குப்பத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு, மாத்திரைச் சீட்டு என்றால் 1-0-1 தான். ஒரு மருந்துக்கு ஒரு வரி. காலை, மதியம், இரவு என்று அதே வரியில் மூன்று எண். நெசவுக் குடும்பத்துப் பாட்டிகள்கூட இதைக் கண்ணாடி போடாமலே சொல்லிவிடுவார்கள். 2025 ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேற வேண்டும் என்று நியூஜெர்சியிலிருந்து வந்த என் பெரியம்மா கொண்டுவந்தது வேறு மாதிரி. பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு சரம்போல, ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், அந்த வேளைக்கான எல்லா மாத்திரையும்.

அமெரிக்காவில் 2013-இல் தொடங்கி, 2018-இல் அமேசான் வாங்கிய ‘பில்பேக்’ மருந்தகம் இந்த முறையால்தான் பெயர் பெற்றது. அங்கே பிள்ளைகளோடு இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இப்படியொரு சரத்தோடு ஊருக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் அதைப் படித்துக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. எங்கள் வீட்டுச் சரத்தை வைத்தே சொல்கிறேன்.

வரியைப் படிப்பது

பெரியம்மாவின் முதல் சந்தேகம் இது: “ஏன்டி, ஒரே மாத்திரை காலையிலயும் இருக்கு, ராத்திரியிலயும் இருக்கு. தப்பாப் போட்டு அனுப்பிட்டானா?”

தப்பில்லை. நம் சீட்டில் மருந்துதான் வரி. வேளைகள் அதற்குள் வரும். பாக்கெட்டில் வேளைதான் தலைப்பு; மருந்துகள் அதன்கீழ் வரிவரியாக வரும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போடும் மருந்து இரண்டு பாக்கெட்டிலும் தலைகாட்டும்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று சங்கதி இருந்தது: மருந்தின் பெயர், ஒரு மாத்திரையின் அளவு, எத்தனை மாத்திரை. காலை 8 மணி பாக்கெட்டில் மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று போட்டு, வரி முடிவில் 2 என்று இருந்தது. 500 என்பது ஒரு மாத்திரைக்கு. இரண்டு சேர்ந்தால் அந்த வேளைக்கு 1000. அடுத்த வரிகளில் அம்லோடிபின் 5 ஒன்று, லோசார்டன் 50 ஒன்று. ஆக மூன்று வரி, நான்கு மாத்திரை. வரியை எண்ணி ‘மூன்று மாத்திரைதானே’ என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். கடைசியில் இருக்கும் எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டியதும் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் மாத்திரைகளை விரலால் ஒதுக்கி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கிழிக்காமல் வைத்து, பாக்கெட்டை அனுப்பிய மருந்தகத்துக்குப் பேசுங்கள். கிழித்துவிட்டால் உள்ளே எத்தனை இருந்தது என்று காட்ட வழியில்லை.

காலை 6 மணி பாக்கெட் இன்னும் குழப்பியது. அதில் தைராய்டு மாத்திரை மட்டும் இரண்டு வரியில்: லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் ஒன்று, 25 மைக்ரோகிராம் ஒன்று. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வைத்துவிடக் கூடாது. டாக்டர் எழுதிய 75-ஐ இரண்டு அளவில் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட வேண்டியது என்பதால் தனிப் பாக்கெட்.

சரம் சரிதானா என்று தெரிய ஒரு நாள் முழுவதையும் நம் 1-0-1-ஆகத் திருப்பி எழுதிப் பாருங்கள். பெரியம்மாவுக்கு லெவோதைராக்சின் 50-உம் 25-உம் 1-0-0, மெட்ஃபார்மின் 2-0-2, அம்லோடிபின் 1-0-0, லோசார்டன் 1-0-0, இரவில் அடார்வாஸ்டாடின் 0-0-1. டாக்டர் சீட்டோடு வரிக்கு வரி பொருந்தியது.

தேதியைப் படிப்பது

வியாழக்கிழமை எடுக்க வேண்டிய பாக்கெட்டில் 08/07 என்று இருந்தது. நம் கண்ணுக்கு அது ஜூலை 8. ‘பழசு’ என்று என் சித்தப்பா மகன் ஓரமாக வைக்கப் பார்த்தான். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். அது ஆகஸ்ட் 7. பன்னிரண்டாம் தேதிவரை இந்தக் குழப்பம் இருக்கும். 08/13 வந்துவிட்டால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் தானே தெளிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் அடுத்த நாள் பாக்கெட்டைப் பாருங்கள். எந்த எண் மாறுகிறதோ அதுதான் தேதி. கிழமை அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது: 2025-இல் ஆகஸ்ட் 7 வியாழன், ஜூலை 8 செவ்வாய்.

நேரத்தைப் படிப்பது

இதுதான் சரத்தில் உள்ள பெரிய சிக்கல். ஆகஸ்டில் நியூஜெர்சி நேரத்தைவிட நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பாக்கெட்டில் இருக்கும் ‘8 மணி’ எந்த ஊர் 8 மணி என்று அதில் எழுதியிருக்காது.

பெரியம்மா செவ்வாய் இரவு 8 மணி பாக்கெட்டை அங்கே போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். புதன் காலை 8 மணி பாக்கெட்டை அங்கத்திய கணக்குப்படி விமானத்திலேயே போட்டார். நமக்கு அப்போது புதன் மாலை ஐந்தரை. வியாழன் விடியுமுன் சென்னையில் இறங்கிவிட்டார். இப்போது புதன் இரவு பாக்கெட்டை அங்கத்திய 8 மணிக்குப் போடுவதென்றால் நமக்கு வியாழன் காலை ஐந்தரை. வியாழன் காலை பாக்கெட்டை நம் 8 மணிக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையில் இரண்டரை மணி நேரம்தான். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டிய மெட்ஃபார்மின் நான்கு மாத்திரை அதற்குள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

நல்லவேளையாகப் பெரியம்மா புறப்படும் முன்பே தன் டாக்டரிடம் கேட்டிருந்தார். புதன் இரவு பாக்கெட்டை விட்டுவிட்டு, வியாழனிலிருந்து இந்திய நேரத்துக்கு மாறச் சொல்லியிருந்தார் டாக்டர். விமானத்தில் போட்டதற்கும் வியாழன் காலைக்கும் பதினான்கரை மணி நேரம் ஆனது. விட்ட பாக்கெட்டின்மேல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டு, கிழிக்காமல் தனியே வைத்தோம். விட்டுப்போனதே என்று மறுநாள் இரண்டு பாக்கெட்டாகப் போடக் கூடாது. எந்தப் பாக்கெட்டை விடுவது என்பது ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து மாறும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது போன்றவற்றில் வீட்டிலேயே கணக்குப் போடவே வேண்டாம்.

சரத்துக்கு வெளியே இருப்பது

பாக்கெட்டைக் கிழித்துப் போட்டதும் அன்றைய மருந்து முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஊசி, டானிக், இன்ஹேலர், கண் சொட்டு, தேவைப்பட்டால் மட்டும் போடும் வலி மாத்திரை இவை சரத்துக்குள் வருவதில்லை. பெரியம்மாவுக்குக் கண் சொட்டு தனியாக இருந்தது. அதைக் காலண்டரில் குறித்து வைத்தோம்.

இங்குள்ள டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தச் சொன்னால், மீதிப் பாக்கெட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள். நிறத்தை வைத்து அதைப் பொறுக்காதீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். அமெரிக்க மாத்திரைகளின்மேல் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். அதையும் மருந்துப் பெயரையும் ஒப்பிட்டு, மருந்தாளுநரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் மருந்து பெரும்பாலும் அட்டையில்தான் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் இந்த வரிமுறை உதவும். அட்டையைப் பிரிக்காமல் வேளைக்கு ஒரு கவர் போடுங்கள். மேலே நேரம், கீழே மருந்துக்கு ஒரு வரி, வரி முடிவில் எத்தனை என்று எழுதுங்கள். அட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டால், மிச்சமிருக்கும் மாத்திரை என்னவென்று கடையில் இருக்கும் எங்களாலும் சொல்ல முடியாது.